தட்டில் விழும் மீனின் விலை

இந்த அத்தியாயம் ஒரு கடிதம். புதுச்சேரி நகரில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஓர் உணவகத்தின் உரிமையாளருக்கு ஒரு காஸ்ட் அக்கவுண்டன்ட் எழுதியது. இதிலுள்ள விலைகளும் எடைகளும் அந்தக் கடைக்கும் அந்த வாரத்துக்கும் உரியவை. வாசகர் தம் கடையின் எண்களை அந்தந்த இடத்தில் வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். வஞ்சிரம் வறுவலின் விலையை ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மதியம் இரண்டரை மணிக்குள் தீர்ந்துபோவது அதுதான், அதைச் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள், ஆனாலும் மாதக் கடைசியில் கல்லாவில் எதுவும் நிற்பதில்லை என்பது உங்கள் கவலை. பில் புத்தகத்தையும் கொள்முதல் நோட்டையும் பார்த்துவிட்டேன். உங்கள் சமையல்கட்டில் நாம் சேர்ந்து எடுத்த எடைகளும் கையில் இருக்கின்றன. அதிகம் ஓடுகிற அந்தத் தட்டுதான் உங்களுக்கு மிகக் குறைவாகத் தருகிறது. அது எங்கே கரைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் போட்டிருந்த கணக்கு. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் கிலோ 900 ரூபாய். ஒரு துண்டு 120 கிராம், ஆகவே மீன் 108 ரூபாய். மசாலாவும் எண்ணெயும் சேர்த்து 20 ரூபாய் என்று வைத்தால் 128. விற்பது 250. பாதிக்குப் பாதி நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் 900 ரூபாய் என்பது தலையும் குடலும் செவுளும் சேர்ந்த முழு மீனின் விலை. தட்டில் வைப்பது துண்டு. முழு மீனின் கிலோ விலையைத் துண்டின் எடையால் பெருக்கினால் வருகிற எண் எந்தத் தட்டுக்கும் உரியதல்ல.

அன்று வாங்கிய மீன் 5 கிலோ இருந்தது. வெட்டிக் கழுவி, தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தோம். வறுவலுக்கு ஆகும் துண்டுகள் 3 கிலோ 400 கிராம். தலை 650 கிராம். வாலும் வயிற்றோரத்து மெல்லிய துண்டுகளும் 350 கிராம். குடல், செவுள், துடுப்பு, இரத்தம் எல்லாம் போய்க் கழிந்தது 600 கிராம். நூற்றுக்கு 68 பங்குதான் வறுவலாகிறது. இந்த 68ஐ மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். சின்ன மீன் வாங்கினால் இது மாறும், வெட்டுகிறவர் மாறினாலும் மாறும், ஐஸில் கிடந்த மீனென்றால் வடிகிற தண்ணீரும் சேர்ந்து இன்னும் குறையும். ஒரு தடவை எடுத்த எண்ணை வருஷம் முழுக்கப் பயன்படுத்தாதீர்கள். மீனின் அளவு மாறும்போதெல்லாம் மறுபடி நிறுங்கள்.

அடுத்தது தலை. தலையும் வாலும் வீணாவதில்லை, மீன் குழம்புக்குப் போகின்றன. அப்படியானால் அவற்றின் விலையை வறுவலின் தலையில் கட்டக் கூடாது. இங்கேதான் இரண்டு விதமாகவும் தவறு நடக்கிறது. தலைக்கு விலையே போடாவிட்டால் குழம்பு இலவசமாக வருவதுபோல் தெரியும், வறுவல் தேவைக்கு மேல் கனத்துப்போகும். தலைக்கும் கிலோ 900 என்று போட்டால் வறுவல் மலிவாகத் தெரியும், குழம்பு நஷ்டத்தில் ஓடுவதாகத் தோன்றும். எங்கள் தொழிலில் இதற்கு வைத்திருக்கும் முறை எளிமையானது. அந்தத் தலையையும் வாலையும் தனியாக வாங்கியிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ, அதுதான் அவற்றின் விலை. குழம்புக்கென்று தலையும் துண்டும் தனியாக வாங்கிய நாட்களில் கிலோ 250 கொடுத்திருக்கிறீர்கள், உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. ஆகவே அந்த ஒரு கிலோவுக்கு 250 ரூபாயை வறுவலிலிருந்து கழித்து மீல்ஸ் கணக்கில் ஏற்றுகிறேன். நூறு சாப்பாட்டுக்கு அது ஆளுக்கு இரண்டரை ரூபாய்.

மீன் 4,500 ரூபாய். வெட்டுக்கூலி, ஐஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 100. தலைக்கு 250 கழிந்தது. மீதி 4,350 ரூபாயை 3.4 கிலோ துண்டுகள் சுமக்க வேண்டும். துண்டு மீன் கிலோ 1,279 ரூபாய் ஆகிறது. இந்த விலைக்கு 120 கிராம் துண்டு 153 ரூபாய் சொச்சம். நீங்கள் நினைத்த 108 இதற்குள்ளேயே காணாமல் போய்விட்டது.

அதோடும் முடியவில்லை. துண்டுகளை எண்ணியபோது 24தான் இருந்தன. 3.4 கிலோவில் 120 கிராமாக 28 துண்டு வர வேண்டும். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தோம், நினைவிருக்கும். வால் பக்கம் 105 கிராம், நடு மீனில் 165 கிராம், சராசரி 142. மார்க்கெட்டில் வெட்டுகிற அம்மா எல்லாத் துண்டையும் ஒரே கனத்தில்தான் வெட்டுகிறார், அவர் மேல் குறை இல்லை. மீன் நடுவில் பருத்து வால் பக்கம் ஒடுங்குவதால், கனம் ஒன்றாக இருந்தால் எடை ஒன்றாக இராது. நடுப்பகுதியை மெல்லியதாகவும் வால் பக்கத்தைத் தடிப்பாகவும் வெட்டச் சொல்ல வேண்டும். மிகப் பெரிய மீனில் நடுத் துண்டை நடுமுள்ளோடு இரண்டாகப் பிளக்கலாம். இந்த 24 துண்டிலும் நாளுக்கு ஒன்று கல்லில் ஒட்டி உடைகிறது, அல்லது மிஞ்சி ஆட்களின் சாப்பாட்டுக்குப் போகிறது. பில்லில் ஏறுவது 23. ஆகவே 4,350ஐ 23ஆல் வகுத்தால் ஒரு துண்டு 189 ரூபாய்.

மீதிச் சாமான் பெரிதில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, உப்பு, கறிவேப்பிலை எல்லாம் துண்டுக்கு 6 ரூபாய். எண்ணெயைக் கண்ணளவில் மதிப்பிடக் கூடாது. காலையில் கேனை நிறுத்து, வறுவல் முடிந்ததும் மறுபடி நிறுத்தால், கல்லில் கருகிக் கொட்டியதும் சேர்ந்து கணக்கில் வரும். துண்டுக்கு 25 மில்லி, 4 ரூபாய் வந்தது. பக்கத்தில் வைக்கும் வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, இலை எல்லாம் 5. அந்த அடுப்பு ஓடிய நேரத்துக்கு 19 கிலோ சிலிண்டரிலிருந்து குறைந்த எடையைப் பார்த்ததில் கேஸ் 3. மொத்தம் 18 ரூபாய். மீனோடு சேர்த்தால் தட்டு 207 ரூபாய்.

இனி வரி. நீங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறீர்கள். வருஷ விற்றுவரவு ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் உணவகத்துக்கு அது உண்டு, மது பரிமாறும் கடைக்குக் கிடையாது. நம் ஊரில் கடைக்குக் கடை இந்த வேறுபாடு இருப்பதால், மது பரிமாறும் உணவகத்தின் பில்லைப் பார்த்து உங்கள் விலையை அமைக்காதீர்கள். அவர்கள் 250 என்று அச்சடித்து, அதன் மேல் 5 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்குகிறார்கள். நீங்கள் பில்லில் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. விற்றுவரவில் 5 சதவீதத்தை உங்கள் கையிலிருந்து கட்டுகிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கட்டுவதால் அது ஒரு தட்டோடு சம்பந்தப்பட்ட செலவாகவே உங்களுக்குத் தெரியவில்லை. 250 ரூபாய்த் தட்டில் அது 12 ரூபாய் 50 காசு.

இப்போது எழுதிப் பார்ப்போம்.

விற்கும் விலை: 250.00
வரி: 12.50
மீனும் சாமானும்: 207.00
மிஞ்சுவது: 30.50

128 ரூபாய் அடக்கம், 122 ரூபாய் லாபம் என்று நீங்கள் நம்பியிருந்த தட்டு விட்டுப்போவது முப்பது ரூபாய். இந்த முப்பதையும் லாபம் என்று சொல்ல முடியாது. வாடகை, சம்பளம், கரண்ட் எதுவும் இன்னும் வரவில்லை. ஒரு தட்டு விற்றால் கூடுகிற செலவைக் கழித்தபின் அது கடைக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பணத்தைப் பங்களிப்பு என்போம். கடிதத்தின் மீதி முழுக்க அந்தச் சொல்லை வைத்துத்தான் நகரும்.

வாடகையையும் சம்பளத்தையும் ஒவ்வொரு தட்டின் மேலும் பிரித்துப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. வறுவல் இருபது விற்றாலும் முப்பது விற்றாலும் உங்கள் வாடகை மாறாது, மாஸ்டர் சம்பளமும் மாறாது. அவற்றைத் தட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால், கூட்டம் குறைந்த வாரத்தில் தட்டின் அடக்கம் ஏறியதுபோல் தோன்றும். அதைப் பார்த்து விலையை ஏற்றுவீர்கள், கூட்டம் இன்னும் குறையும். ஆகவே அந்தச் செலவைத் தனியே வைத்துக்கொண்டு, எல்லாத் தட்டுகளும் சேர்ந்து அதை எட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மாதச் செலவு இது. வாடகை 60,000. மாஸ்டர், உதவியாள், சப்ளையர்கள், துப்புரவு எல்லாருக்குமாகச் சம்பளம் 1,35,000. கரண்ட் 18,000. தண்ணீர், பழுது, உரிமக் கட்டணம், மற்றவை 17,000. உங்கள் நோட்டில் இதோடு நின்றுவிட்டது. காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய் இரவு பதினொன்றுக்குக் கடை அடைக்கும் உங்களுக்குச் சம்பளம் எங்கே? உங்கள் இடத்தில் ஒரு மேனேஜரை வைத்தால் கொடுக்க வேண்டியதை எழுதுங்கள் என்றேன், 40,000 என்றீர்கள். ஆக மொத்தம் 2,70,000. செவ்வாய் விடுமுறை போக இந்த மாதம் 27 நாள் கடை. நாளுக்கு 10,000 ரூபாய்.

பில் எண்ணிக்கையில் வார நாளில் 70 பேர், சனியும் ஞாயிறும் சென்னை, பெங்களூரு ஆட்கள் சேர்ந்து 160 பேர். ஆறு நாளுக்கு 600 பேர், சராசரி நூறு. அப்படியானால் உள்ளே வரும் ஒவ்வொருவரும் 100 ரூபாய் பங்களிப்பு விட்டுச் செல்ல வேண்டும். கடை தன் காலில் நிற்பதற்கே அவ்வளவு வேண்டும்.

மீல்ஸ் 160 ரூபாய். அரிசி, குழம்பு, ரசம், பொரியல், மோர், அப்பளம், இலை, கேஸ், தலைக்கான அந்த இரண்டரை எல்லாம் சேர்த்து அடக்கம் 75 ரூபாய். வரி 8. பங்களிப்பு 77. நூறு பேர் சாப்பிட்டால் 7,700. அதன் மேல் 23 வறுவல், தட்டுக்கு முப்பதரை வீதம் 701. இரண்டும் 8,401. நாளுக்கு 1,600 ரூபாய் துண்டு விழுகிறது. 27 நாளுக்கு 43,000 ரூபாயைத் தாண்டுகிறது. உங்கள் சம்பளம் 40,000. மாதக் கடைசியில் கல்லாவில் ஏன் எதுவும் நிற்கவில்லை என்பதற்கு இதுதான் விடை. நீங்கள் சம்பளமில்லாமல் வேலை செய்வதும் போதாமல், மேலே மூவாயிரத்தைக் கையிலிருந்து போட்டு வருகிறீர்கள்.

விலையை எப்படி வைப்பது என்பதற்கு வருகிறேன். ஓட்டல் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு, சாமான் விலையை மூன்றால் பெருக்கு என்பது. வறுவலுக்கு அதைப் போட்டால் 600 ரூபாயைத் தாண்டும், எவரும் வாங்கமாட்டார். தயிர் சாதத்துக்குச் சாமான் 20 ரூபாய், மூன்றால் பெருக்கினால் 60. வரி 3 போகத் தயிர் சாதம் தருவது 37 ரூபாய். சாமான் விலை நூற்றுக்கு 33தான், சதவீதத்தில் பார்த்தால் அருமையான தட்டு. ஆனால் மீல்ஸ் சாப்பிட வந்தவர் தயிர் சாதத்தோடு எழுந்துவிட்டால் நீங்கள் 40 ரூபாய் இழக்கிறீர்கள். வாடகைக்காரர் சதவீதத்தை வாங்கிக்கொள்ளமாட்டார், ரூபாயைத்தான் வாங்குவார். 1982இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானா, டொனால்ட் ஸ்மித் இருவரும் உணவக மெனுவை ஆராய ஒரு முறையை எழுதினார்கள். ஒவ்வொரு தட்டும் எத்தனை விற்கிறது, ஒன்றுக்கு எத்தனை பணம் பங்களிக்கிறது என்ற இரண்டை மட்டும் அது பார்க்கும். நிறைய விற்று, குறைவாகத் தரும் தட்டைத் தூக்கிவிடாமல் அதன் அளவையும் விலையையும் சரிசெய்யச் சொல்லும். உங்கள் வஞ்சிரம் அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது.

அளவை முதலில் சரிசெய்யுங்கள், விலையை அப்புறம் தொடுவோம். 28 துண்டு கிடைத்து, ஒன்று வீணானால் 27. 4,350ஐ 27ஆல் வகுத்தால் 161. சாமான் 18. தட்டு 179 ரூபாய். விலையை ஏற்றாமலே தட்டுக்கு 28 ரூபாய் திரும்பிவிட்டது, கிட்டத்தட்ட இப்போதைய பங்களிப்பின் அளவுக்கு.

துண்டு சின்னதாகிவிட்டது என்று வாடிக்கையாளர் சொல்வார் என்று பயந்தீர்கள். பக்கத்துத் தெருவில் 250க்கு விற்கும் வறுவலை வாங்கிவந்து நிறுத்தோம். வறுத்த பின் எடையை வறுத்த பின் எடையோடுதான் ஒப்பிட வேண்டும், கல்லில் தண்ணீர் வற்றி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அவருடையது 75 கிராம். உங்களுடைய இன்றைய சராசரித் துண்டு வறுத்த பின் 115 கிராம். 120 கிராம் துண்டாக மாற்றினாலும் 97 கிராம் இருக்கும். அதே 250 ரூபாய்க்கு நீங்கள் ஒன்றரை மடங்கு மீன் கொடுத்து வந்திருக்கிறீர்கள், அது வாடிக்கையாளருக்கே தெரியாது. போட்டிக் கடையின் விலைப் பலகையை மட்டும் பார்த்து விலை வைக்காதீர்கள், அந்தத் தட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

என் யோசனை 290 ரூபாய். வரி 14.50, மீனும் சாமானும் 179, பங்களிப்பு 96.50. வியாபாரம் குறைந்தால் என்ன ஆகும்? இப்போது 23 தட்டு தருவது 701 ரூபாய். புதிய விலையில் 8 தட்டு விற்றாலே அது வந்துவிடும். ஆனால் இதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். வறுவல் வேண்டாம் என்று மீல்ஸ் மட்டும் சாப்பிடுகிறவரால் இழப்பு சிறிது. விலையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்கே போகிறவர் மீல்ஸின் 77 ரூபாயையும் எடுத்துக்கொண்டு போகிறார். ஆகவே விலை மாற்றிய மாதத்தில் வறுவல் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிடச் சாப்பிட வரும் ஆட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்.

நாளுக்கு 18 வறுவல் விற்கும் என்று கொஞ்சம் கையை இழுத்தே வைக்கிறேன். வார நாளில் மூன்றரைக் கிலோ மீனே போதும். பங்களிப்பு 1,737. மீல்ஸைப் 10 ரூபாய் ஏற்றி 170 ஆக்கினால் வரியும் அடக்கமும் போக 86.50. நூறு பேருக்கு 8,650. இரண்டும் சேர்ந்து 10,387, உங்கள் பத்தாயிரம் வந்துவிட்டது. விலை ஏறியதால் நாளுக்கு நாலு பேர் குறைந்து 96 பேர்தான் வந்தாலும் 10,041 வரும். ஐந்தாவது ஆளும் போனால் கோட்டுக்குக் கீழே இறங்குவீர்கள். உங்கள் பாதுகாப்பு அவ்வளவுதான், அதனால்தான் மீல்ஸுக்கு இதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்கிறேன். வார நாளில் சாப்பிட வருகிறவர்கள் பக்கத்து அலுவலகத்தார், தினமும் விலையைப் பார்க்கிறவர்கள். பத்து ரூபாய் அவர்களுக்குத் தெரியும். வறுவலில் நாற்பது ரூபாய் ஏற்றினால் சனி, ஞாயிறு கூட்டத்துக்கு அவ்வளவாகத் தெரியாது.

பட்டியலில் விலையை ஏற்றாமல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று சேர்க்கலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதிசெய்துவிட்டது. வாங்க வேண்டியதை விலையிலேயே வாங்குங்கள்.

290 என்பதை மெனு கார்டில் அச்சடிக்காதீர்கள். வஞ்சிரத்துக்கு நேராக ‘இன்றைய விலை’ என்று போட்டு, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். காரணம் ஏப்ரல் 15. அன்றிலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகா. அப்போது வஞ்சிரம் கிலோ 1,300க்குப் போனால் என்ன ஆகிறது பாருங்கள். மீனும் கூலியும் 6,600, தலையும் ஏறி 300 என்று கழித்தால் 6,300. துண்டுக்கு 233, சாமானோடு 251. 290க்கு விற்றால் மிஞ்சுவது 24 ரூபாய் 50 காசு. இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்தது ஒரே வாரத்தில் பழைய நிலைக்கும் கீழே போய்விடும். பழைய 96 ரூபாய் வேண்டுமானால் விலை 366 ஆக வேண்டும். அந்த விலை நம் தெருவில் ஓடாது என்றால் அந்த இரண்டு மாதம் வஞ்சிரத்தை ஞாயிறுக்கு மட்டும் வையுங்கள், மற்ற நாளில் பண்ணைக் கொடுவாவோ நெத்திலியோ போடுங்கள். நெத்திலி வறுவல் 140 ரூபாய்க்கு விற்று, சாமான் 55, வரி 7 போக 78 ரூபாய் தருகிறது. தடைக்காலத்து வஞ்சிரத்தைவிட மூன்று மடங்கு.

மேற்குக் கரை மீன் வருமே என்று வியாபாரிகள் சொல்வார்கள். வரும், மே கடைசி வரை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அங்கே தடை, நம் யூனியன் பிரதேசத்தின் மாஹேயும் அதில்தான் அடங்கும். ஆகவே ஜூன் முதல் பதினான்கு நாள் இரண்டு கரையிலும் பெரிய படகுகள் நிற்கின்றன. வருஷத்திலேயே விலை மிக எகிறக்கூடிய இரண்டு வாரம் அது. அந்த நாட்களுக்கு வெளியூர்க் குழுவுக்கோ பிறந்தநாள் விருந்துக்கோ பழைய விலையில் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. விலையைச் சரியாக வைத்தும் பணம் நிற்கவில்லையென்றால் எங்கே ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 5 கிலோ மீனுக்கு 27 தட்டு விற்க வேண்டும், அதாவது கிலோவுக்கு ஐந்து தட்டும் கொஞ்சமும், கணக்காக 5.4. திங்கள் இரவு, அடுத்த நாள் விடுமுறை என்பதால் ஐஸ் பெட்டி காலியாக இருக்கும் நேரம், அந்த வாரம் பில்லில் ஏறிய வறுவலை எண்ணுங்கள். 108 தட்டு என்று வந்தால் 20 கிலோ மீன் செலவாகியிருக்க வேண்டும். கொள்முதல் நோட்டில் 24 கிலோ இருந்தால் நாலு கிலோ, 3,600 ரூபாய், எங்கேயோ போயிருக்கிறது.

எங்கே என்பதை மூன்று இடத்தில் எண்ணினால் தெரிந்துவிடும். மீன் கடைக்குள் வந்ததும் உங்கள் தராசில் ஒரு முறை நிறுங்கள், மார்க்கெட் சீட்டோடு எடை பொருந்தவில்லையென்றால் குறை அங்கேயே. வெட்டி முடித்ததும் துண்டுகளை எண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் எழுதுங்கள். கிலோவுக்கு ஐந்தரைக்குக் குறைவாக இருந்தால் துண்டு பெரிதாகிவிட்டது. துண்டு எண்ணிக்கை சரி, பில் எண்ணிக்கை மட்டும் குறைகிறது என்றால் உடைந்தது, ஆட்கள் சாப்பிட்டது, பில் போடாமல் போனது என்ற மூன்றில் ஒன்று. உடைந்ததையும் ஆட்களுக்குக் கொடுத்ததையும் அதே பலகையில் ஒரு கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள், மூன்றாவது தானாகத் தெரியும். மாஸ்டரிடம் இதைச் சொல்லும்போது சந்தேகப்படுவதாகத் தோன்றாமல் சொல்லுங்கள். துண்டின் எடை இதுவரை அவருக்கு யாரும் சொல்லாதது, அவராகக் குறைத்ததோ கூட்டியதோ இல்லை.

அடுத்த செவ்வாய் நான் வரும்போது இறாலை எடுத்துக்கொள்வோம். அதற்குள் மூன்று நாள் வாங்கிய எடை, தலையும் தோலும் உரித்த பின் எடை, தொக்கு வைத்து இறக்கிய பின் எடை மூன்றையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இறாலில் கழிவு வஞ்சிரத்தைவிட அதிகம், உருப்படி அளவுக்குத் தகுந்தபடி மாறவும் செய்யும், ஆகவே கிலோவுக்கு எத்தனை இறால் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் காஸ்ட் அக்கவுண்டன்ட்